87-ஆ, 116-ஆ? ஒரே பன்னிரண்டு லாரிக்கு இரண்டு பர்சன்டைல் வரும்போது செய்ய வேண்டியவை

டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பேஹெட் சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கும் அறிக்கையும் பார்க்கிறேன். தூத்துக்குடியில் பார்த்த அதே வேலைதான். இங்கே வெயில் கொஞ்சம் குறைவு, லாரி கொஞ்சம் நீளம். ஒரு வாடிக்கையாளரோடு எங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. அவர்களுடைய லாரி எங்கள் கேட்டுக்குள் நுழைந்து வெளியே போக எடுக்கும் நேரத்தின் 90-வது பர்சன்டைல், ஒரு நாளில் 90 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த நாளுக்கு அபராதம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு லாரி வந்தன. ஆன நிமிடங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் இப்படி:

```
38  41  44  47  52  55  61  64  70  78  88  128
```

நான் எக்செலில் போட்டேன், 87 வந்தது. தப்பித்தோம் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் வாடிக்கையாளரின் ஆளிடமிருந்து பதில்: "எங்கள் கணக்கில் 116. அபராதம் உண்டு." அவர் பைத்தானில் போட்டிருந்தார். கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா, சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவர், நேராகக் கேட்டார்: "தம்பி, ஏதாவது லாரியை விட்டுட்டியா?" விடவில்லை. இரண்டு பேரிடமும் இருந்தது அதே பன்னிரண்டு எண். இரண்டு விடையும் சரி. இரண்டு கருவியும் "90-வது பர்சன்டைல்" என்ற சொல்லுக்கு வேறு வேறு விதியை வைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

பள்ளிப் புத்தகத்தில் இதை நூற்றுமானம் என்றும், மீடியனை இடைநிலை அளவு என்றும் படித்திருப்பீர்கள். வேலையில் எல்லோரும் பர்சன்டைல், மீடியன் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். இப்படி ஒரு வித்தியாசம் கைக்கு வந்தால் எந்த வரிசையில் துருவ வேண்டும் என்பதை, இந்த பன்னிரண்டு லாரியையே வைத்துக் காட்டுகிறேன்.

முதல் படி: எண்கள் ஒன்றுதானா?

விதியின் மேல் பழி போடுவதற்கு முன்னால் தரவைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் நான்கு எண்களைக் கேளுங்கள்: எத்தனை எண்கள், மிகச் சிறியது, மிகப் பெரியது, கூட்டுத்தொகை. எங்கள் செவ்வாய்க்கு அவை 12, 38, 128, 766. நான்கும் ஒத்துப்போனால் தரவு ஒன்றுதான் என்று நம்பி மேலே போகலாம். ஒன்று இடித்தாலும் பர்சன்டைல் விதியைப் பற்றிப் பேசுவது வீண்.

தென்னாப்பிரிக்காவில் இங்கே ஒரு தனிக் குழி இருக்கிறது. இந்த நாட்டு அமைப்பில் உள்ள விண்டோஸ் தசமத்துக்குப் புள்ளி வைக்காது, காற்புள்ளி வைக்கும். 61.5 நிமிடம் என்பது 61,5 ஆகிவிடும். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினி புள்ளியை எதிர்பார்க்கும். ஒன்றில் எழுதிய கோப்பை இன்னொன்றில் திறந்தால் தசமம் உள்ள எண்கள் மட்டும் எழுத்தாக மாறிவிடும், முழு எண்கள் எண்ணாகவே இருக்கும். எக்செலின் பர்சன்டைல் ஃபார்முலா செல்களின் வரிசையில் உள்ள எழுத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பிழை எதுவும் காட்டாது. பன்னிரண்டு லாரி ஒன்பதாகிவிடும், விடை மட்டும் கம்பீரமாக வந்து நிற்கும். அதனால் `COUNT` போட்டு எண்ணிப் பார்க்காமல் நான் எந்தப் பர்சன்டைலையும் இப்போது நம்புவதில்லை.

அதே காரணத்தால், இணையத்தில் கிடைக்கும் ஃபார்முலாவை அப்படியே ஒட்டினால் இங்குள்ள எக்செல் ஏற்காது. உள்ளூர் அமைப்பில் இப்படி எழுத வேண்டும்:

```
=PERCENTILE.INC(A2:A13;0,9)
```

இரண்டாம் படி: மீடியனைப் போட்டுப் பாருங்கள்

பர்சன்டைல் இடிக்கும்போது மீடியன் என்ன சொல்கிறது என்பது நல்ல துப்பு. எங்கள் பன்னிரண்டில் நடுவில் இருப்பவை 55-ம் 61-ம். பெரும்பாலான கருவிகள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 58 என்று சொல்லும். எக்செலிலும் 58, வாடிக்கையாளரின் பைத்தானிலும் 58. ஓரத்தில் 29 நிமிடம் விலகிய இரு கருவிகள் நடுவில் அச்சாக ஒத்துப்போயின. தரவு ஒன்று, விதிதான் வேறு என்பதற்கு இதுவே நல்ல அடையாளம். ஏன் நடுவில் மட்டும் ஒத்துப்போகிறது என்பதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

மீடியனே இடித்தால் கதை வேறு. அப்போது பார்க்க வேண்டியது, வந்த விடை தரவில் உண்மையிலேயே இருக்கும் எண்ணா என்பது. ஒரு பக்கம் 58, இன்னொரு பக்கம் 55 என்றால், இரண்டாவது கருவி நடுவில் உள்ள இரண்டில் சிறியதை அப்படியே எடுத்துவிட்டது. போஸ்ட்கிரஸில் `percentile_disc(0.5)` அப்படித்தான் செய்யும். பைத்தானின் `statistics.median_low`, பைடார்ச்சின் `torch.median` இரண்டும் அதே ரகம். போஸ்ட்கிரஸில் சிலர் இதைத் தெரிந்தே போடுவதில்லை. `percentile_cont` எண்ணையும் கால இடைவெளியையும் மட்டுமே ஏற்கும். தேதியும் நேரமும் சேர்ந்த பத்தியைக் கொடுத்தால் மறுக்கும். `percentile_disc` எதையும் ஏற்கும். யாரோ ஒரு நாள் அவசரத்துக்கு அதை மாற்றியிருப்பார்கள், பிறகு அது அப்படியே நின்றுவிடும்.

இந்தக் கோளாறுக்கு ஒரு விசித்திரமான முகம் உண்டு: சில நாள் இரண்டு அறிக்கையும் பொருந்தும், சில நாள் பொருந்தாது. லாரி எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும் நாளில் நடுவில் ஒரே ஒரு எண்தான், அதனால் சண்டை இல்லை. இரட்டைப்படை நாளில் மட்டும் விலகும். உங்கள் இரண்டு அறிக்கையையும் நாள்வாரியாகப் பக்கத்தில் வைத்து இந்தப் பாங்கு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். ஒற்றைப்படை நாளிலும் மீடியன் விலகினால் பெரும்பாலும் தரவுதான் வேறு, முதல் படிக்குத் திரும்புங்கள். ஒற்றைப்படையிலும் நடு எண்ணை விட்டு நகரும் விதிகள் இரண்டு இருக்கின்றன. ஆனால் அவற்றை யாராவது வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தால்தான் வரும்.

வரிசையில் எந்த இடம்?

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். லாரிகள் நேரப்படி ஒரே வரிசையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: 38 நிமிட லாரி முதலிடம், 128 நிமிட லாரி பன்னிரண்டாம் இடம். பர்சன்டைல் கணக்கு முழுவதும் ஒரே கேள்விதான். இந்த வரிசையில் 90 சதவீதத் தூரம் நடந்தால் எங்கே நிற்போம்?

எக்செலின் பழைய `PERCENTILE`, புதிய `PERCENTILE.INC` இரண்டும் முதல் லாரியில் தொடங்கிக் கடைசி லாரியில் முடிகின்றன. பன்னிரண்டு லாரிக்கு நடுவே பதினொரு இடைவெளி. அதில் 90 சதவீதம் 9.9 இடைவெளி. முதல் இடத்திலிருந்து 9.9 நடந்தால் 10.9-வது இடம். பத்தாவது லாரி 78, பதினொன்றாவது 88. நடுவில் இருக்கும் 10 நிமிடத்தில் 0.9 பங்கு, அதாவது 9. ஆக 78 + 9 = 87. லாரிகளுக்கு நடுவே இப்படிப் பங்கு போட்டு எண் எடுப்பதைத்தான் இடைச்செருகல் என்கிறோம்.

பைத்தானின் `statistics.quantiles` தானாக எடுத்துக்கொள்ளும் விதி வேறு. இன்று வந்த பன்னிரண்டு லாரியில் மிக வேகமானது 38 என்றால், நாளை 35-ல் ஒன்று வராது என்று யார் சொன்னது? 128-க்கு மேலும் ஒன்று வரலாம். அதனால் முதல் லாரிக்கு முன்னால் ஒரு இடைவெளியும், கடைசி லாரிக்குப் பின்னால் ஒரு இடைவெளியும் சேர்த்து மொத்தம் பதின்மூன்று என்று எண்ணுகிறது. 13-ல் 90 சதவீதம் 11.7-வது இடம். பதினொன்றாவது 88, பன்னிரண்டாவது 128. இடையில் 40 நிமிடம், அதில் 0.7 பங்கு 28. ஆக 88 + 28 = 116. எக்செலில் இதே விதி `PERCENTILE.EXC` என்ற பெயரில் இருக்கிறது. எக்செல் 2010-ல்தான் `INC`, `EXC` என்று இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள்.

இரண்டு இடத்தையும் வாய்ப்பாடாக எழுதினால், n லாரி, p பங்கு என்று வைத்துக்கொண்டு:

```
INC:  h = (n - 1)p + 1
EXC:  h = (n + 1)p
EXC - INC = 2p - 1
```

கடைசி வரியை ஒரு நிமிடம் நின்று பாருங்கள், அதில் n கிடையாது. 90-வது பர்சன்டைலில் இரு விதிக்கும் எப்போதும் 0.8 இடம் வித்தியாசம். பன்னிரண்டு லாரி வந்தாலும் சரி, பன்னிரண்டாயிரம் வந்தாலும் சரி. p பாதியாக இருக்கும்போது 2p − 1 பூஜ்யம், அதனால்தான் மீடியன் ஒத்துப்போனது. 25-வது பர்சன்டைலில் வித்தியாசம் அரை இடம், அதுவும் எதிர்ப்பக்கம்: `INC` 46.25, `EXC` 44.75. நடுவுக்கு மேலே `EXC` எப்போதும் கூடுதலாகவோ சமமாகவோ இருக்கும், நடுவுக்குக் கீழே குறைவாகவோ சமமாகவோ இருக்கும்.

இட வித்தியாசம் மாறாது என்றால் நிமிட வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அந்த 0.8 இடத்துக்குள் எவ்வளவு அகலமான பள்ளம் இருக்கிறது என்பதிலிருந்து. எங்கள் செவ்வாயில் 88-க்கும் 128-க்கும் நடுவே 40 நிமிடம் வெற்றிடம். அந்த 128 ஒரு குளிர்சாதனக் கன்டெய்னர். பிளக் வேலை செய்யாமல் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அது ஒரு 95-ல் முடிந்திருந்தால் `EXC` 92.9 காட்டியிருக்கும், `INC` அதே 87-தான். அபராதம் அப்போதும் இடித்திருக்கும், ஆனால் யாரும் லாரியை மறைத்ததாகச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: கருவியின் விதியைக் கண்டுபிடிப்பது

எதிர்ப்பக்கம் என்ன மென்பொருள் என்று தெரியாது, தெரிந்தாலும் எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு என்று தெரியாது. கையேட்டைப் புரட்டுவதைவிட வேகமான வழி ஒன்று இருக்கிறது. கருவிக்கு 1 முதல் 12 வரை எண்களைக் கொடுத்து 0.9 கேளுங்கள். வரிசையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் தன் இடத்தையே மதிப்பாக வைத்திருப்பதால், வரும் விடையே அந்த விதி எந்த இடத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லிவிடும். வாடிக்கையாளரிடம் தரவைத் திரும்பக் கேட்க வேண்டாம். "ஒன்று முதல் பன்னிரண்டு வரை போட்டு என்ன வருகிறது என்று சொல்லுங்கள்" என்று ஒரு வரி போதும்.

| வரும் விடை | அமைப்பை மாற்றாமல் இதைத் தருபவை |
|---|---|
| 10.9 | எக்செல் `PERCENTILE`, `PERCENTILE.INC`; கூகுள் ஷீட்ஸ் `PERCENTILE`; ஆர் `quantile`; நம்பை; பாண்டாஸ்; போஸ்ட்கிரஸ் `percentile_cont` |
| 11.7 | எக்செல் `PERCENTILE.EXC`, எஸ்பிஎஸ்எஸ், மினிடேப், பைத்தான் `statistics.quantiles` |
| 11 | எஸ்ஏஎஸ், ஸ்டேட்டாவின் `summarize, detail`, போஸ்ட்கிரஸ் `percentile_disc` |

11 வந்தால் மட்டும் இன்னொரு கேள்வி: அதே எண்களுக்கு 0.5 கேளுங்கள். 6.5 வந்தால் எஸ்ஏஎஸ் வகை, 6 வந்தால் `percentile_disc` வகை. அரிதாக 11.433 அல்லது 11.3 வரும். அவை யாரோ தெரிந்தே தேர்ந்தெடுத்த விதிகள், எனவே அவர்களிடமே கேட்டுவிடலாம்.

இந்த விதிகளை முறையாக வரிசைப்படுத்தியவர்கள் ராப் ஹைண்ட்மேனும் யானான் ஃபேனும். 1996-ல் அமெரிக்கப் புள்ளியியல் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில், மென்பொருள்களில் புழங்கும் ஒன்பது விதிகளை 1 முதல் 9 வரை எண் போட்டு வைத்தார்கள். ஆர் மொழியில் `type` என்று வரும் எண் அதுதான். `INC` ஏழாவது, `EXC` ஆறாவது. எட்டாவதை எல்லோரும் பின்பற்றலாம் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். மென்பொருள்காரர்களோ பழைய அறிக்கைகள் மாறிவிடும் என்று தங்கள் பழைய விதியிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. நானே என் எக்செல் ஃபார்முலாவை மாற்றப் பயப்படுகிறேன்.

நான்காம் படி: ஒரே விதிக்குக் கொண்டுவருவது

விதி தெரிந்துவிட்டால் ஒரு பக்கத்தை மாற்றுவது சுலபம். எக்செலின் 87 பைத்தானில் வேண்டுமென்றால்:

```python
import statistics
x = [38, 41, 44, 47, 52, 55, 61, 64, 70, 78, 88, 128]
statistics.quantiles(x, n=10, method="inclusive")[8]   # 87.0
statistics.quantiles(x, n=10)[8]                       # 116.0
```

பத்தாகப் பிரித்தால் ஒன்பது வெட்டு வரும். பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் ஒன்பதாவது வெட்டு `[8]`. நம்பையில் எதிர்த்திசை, அங்கே தானாக வருவது 87. 116 வேண்டுமென்றால்:

```python
import numpy as np
np.percentile(x, 90, method="weibull")
```

நம்பை 1.22-க்கு முன்பு இந்த இடத்தில் `method` கிடையாது. `interpolation` என்ற பெயரில் சில தேர்வுகள் மட்டுமே இருந்தன, ஆறாவது விதி அவற்றில் இல்லை. ஆரில் எல்லாமே ஒரே எண்ணை மாற்றுவதுதான்:

```r
quantile(x, 0.9, type = 6)
```

பாண்டாஸில் மட்டும் வழி அடைபட்டிருக்கிறது. அதன் `quantile`-ல் `interpolation` என்று ஐந்து தேர்வு இருக்கின்றன, ஆனால் ஐந்தும் 10.9-வது இடத்தில் நின்றபடிதான் பேசும். `higher` என்றால் அந்த இடத்துக்கு மேலே உள்ள லாரி, 88. `lower` என்றால் கீழே உள்ளது, 78. போஸ்ட்கிரஸ் `percentile_disc`-க்கு இணையாக இருக்கும் என்று நம்பி நான் ஒரு முறை `lower` போட்டேன். `percentile_disc` 88 சொன்னது, பாண்டாஸ் 78. இரண்டும் தரவில் இருக்கும் எண்களே, அதனால் பார்த்தவுடன் சந்தேகமே வரவில்லை. 116 பாண்டாஸில் வேண்டுமென்றால் பத்தியை நம்பைக்கு அனுப்பிக் கணக்கிடுவதே வழி.

ஓரத்தில் நடக்கும் கூத்து

90-க்குப் பதில் 95 கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? `INC` விதியில் 11.45-வது இடம், 106 நிமிடம். `EXC` விதியில் 13-ல் 95 சதவீதம் 12.35-வது இடம். பன்னிரண்டு லாரிக்கு அப்பால், காலி இடத்தில் நிற்கிறோம். இங்கே ஒரே ஆறாவது விதியைப் பின்பற்றும் கருவிகளே மூன்று விதமாகப் பிரிகின்றன.

எக்செல் `PERCENTILE.EXC` மறுத்துவிடும், செல்லில் `#NUM!` வரும். பன்னிரண்டு எண்ணுக்கு அதன் எல்லை 12/13, அதாவது 92.3 சதவீதம், அதற்கு மேல் கேட்டால் பதில் இல்லை. ஆர், நம்பை இரண்டும் கடைசி லாரியிலேயே நின்று 128 சொல்லும். பைத்தானின் `statistics.quantiles` மட்டும் கடைசி இரண்டு லாரிக்கு இடையே உள்ள கோட்டை அப்படியே நீட்டிக்கொண்டு போகும்:

```python
statistics.quantiles(x, n=20)[18]   # 142.0
```

142 நிமிடம் எந்த லாரியும் எடுக்கவில்லை. அன்று யார்டில் அதிகபட்சமே 128. அறிக்கையில் பர்சன்டைல் அதிகபட்சத்தைவிடப் பெரிதாக இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். எனக்கு இந்த மூன்றில் எக்செலின் மறுப்புத்தான் பிடித்திருக்கிறது. பன்னிரண்டு லாரியை வைத்துக்கொண்டு 95-வது பர்சன்டைல் கேட்பவருக்கு, இந்தத் தரவில் அதற்குப் பதில் இல்லை என்று அது ஒன்றுதான் முகத்துக்கு நேராகச் சொல்கிறது.

ஐந்தாம் படி: இதற்காகச் சண்டை போட வேண்டுமா?

முன்னே பார்த்த 0.8 இடத்துக்கு வருவோம். ஒரு மாதத்தில் இருநூறு, முந்நூறு லாரி வந்து, எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், 90-வது பர்சன்டைல் இருக்கும் பகுதியில் அடுத்தடுத்த லாரிகளுக்கு நடுவே ஒரு நிமிடமோ இரண்டோதான் இருக்கும். அதில் 0.8 பங்கு யாரும் கவனிக்காத எண். அதனால் விதியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், அந்த இடத்தில் பக்கத்துப் பக்கத்து எண்களைக் கண்ணால் பாருங்கள். நெருக்கமாக இருந்தால் விட்டுவிடலாம்.

ஆனால் கணக்கை நாள்வாரியாக, வாடிக்கையாளர்வாரியாக, ஷிஃப்ட்வாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு குழுவிலும் மறுபடி பத்துப் பன்னிரண்டு எண்தான் மிஞ்சும். மொத்தத் தரவு ஒரு லட்சம் வரியாக இருந்தாலும் இதே கதிதான்.

அக்கா ஒரு யோசனை சொன்னார்: "தினமும் வர்ற பர்சன்டைலைக் கூட்டி மாசத்துக்குச் சராசரி எடுத்தா சமமாயிடுமே, தம்பி?" ஆகாது. ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்று விலகினால்தான் சராசரியில் கரையும். 90-வது பர்சன்டைலில் `EXC` ஒரு நாள்கூட `INC`-க்குக் கீழே போகாது. இருபத்திரண்டு வேலை நாளும் ஒரே பக்கம் சாய்ந்த எண்களைச் சராசரி எடுத்தால், சராசரியும் அந்தப் பக்கமே சாயும். மாதத்தின் எல்லா லாரியையும் ஒரே வரிசையாக்கி ஒரே முறை கணக்கிட்டால்தான் வித்தியாசம் சுருங்கும். அப்படிச் செய்தால் ஒரு மோசமான செவ்வாய் மற்ற நாட்களுக்குள் மறைந்துபோகும் என்பதும் உண்மை; வாடிக்கையாளர் அதை ஏற்காமல் இருக்க நியாயம் இருக்கிறது.

ஆறாம் படி: ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது

எங்கள் ஒப்பந்தத்தில் "90-வது பர்சன்டைல்" என்று மட்டும் இருந்தது. எந்த ஃபார்முலா என்று ஒரு சொல் இல்லை. அதனால் 87 சொன்ன நானும் தவறில்லை, 116 சொன்ன அவரும் தவறில்லை, அபராதம் யார் பக்கம் என்று எண்ணால் முடிவு செய்ய முடியவில்லை. அவர் தன் கருவியில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை போட்டு 11.7 என்று எழுதி அனுப்பினார். என் பக்கத்து 10.9-ஐ நான் அனுப்பினேன். அதோடு குரல் இறங்கி, பேச்சு ஒப்பந்த வாசகத்துக்கு நகர்ந்தது.

இரண்டு வழி மேசைக்கு வந்தன. முதலாவது, ஃபார்முலாவின் பெயரையே எழுதிவிடுவது: "நாளின் எல்லா லாரிகளின் நிமிடங்களுக்கும் எக்செல் `PERCENTILE.INC`, 0.9." இது தெளிவாக இருக்கிறது. ஆனால் `INC` எங்களுக்குச் சாதகம், `EXC` அவர்களுக்குச் சாதகம் என்பது இப்போது இருவருக்கும் தெரியும், அதனால் எந்தப் பெயரை எழுதுவது என்பதே புதுப் பேரமாகிவிட்டது.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. இடைச்செருகலே தேவைப்படாதபடி கேள்வியைத் திருப்பிக் கேட்பது. 90-வது பர்சன்டைல் எத்தனை நிமிடம் என்று கேட்காமல், 90 நிமிடத்துக்குள் வெளியேறிய லாரி எத்தனை சதவீதம் என்று கேட்டால் வெறும் எண்ணிக்கைதான். செவ்வாயன்று பன்னிரண்டில் பதினொன்று, 91.7 சதவீதம். எந்த மென்பொருளில் போட்டாலும் அதே விடை. சந்தேகம் வந்தால் கேட் சீட்டை எடுத்து விரல்விட்டு எண்ணலாம். நிமிடமாகவே வேண்டும் என்றால் `percentile_disc` வகை விதி. அது சொல்லும் 88 ஒரு குறிப்பிட்ட லாரியின் நேரம், அந்த லாரியின் சீட்டைக் காட்டலாம். 87 நிமிடத்துக்கும் 116 நிமிடத்துக்கும் காட்டச் சீட்டு கிடையாது.

இந்த வழிக்கும் ஒரு முரட்டுத்தனம் உண்டு, அதை அவர்களிடம் மறைக்கவில்லை. லாரி குறைவான நாளில் சதவீதம் படிக்கட்டாகத் தாவும். ஒன்பது லாரி வந்த நாளில் ஒன்று தாமதமானாலே 88.9 சதவீதம், அதோடு அபராதம். பத்து வந்தால் ஒன்று தாமதமாகலாம், 90 சரியாக வரும். எனவே பத்துக்குக் குறைவான லாரி வந்த நாட்களை அடுத்த நாளோடு சேர்த்து எண்ணுவது என்று ஒரு வரி சேர்த்தோம். "90 நிமிடத்துக்குள்" என்பதில் சரியாக 90 நிமிடம் எடுத்த லாரி உள்ளே சேரும் என்று இன்னொரு வரி. கேட் நேரத்தை நிமிடத்துக்கு முழுமையாக்குவது கணக்குக்கு முன்பா பின்பா என்பதற்கு மூன்றாவது வரி, 90.4 நிமிட லாரி உள்ளே சேருமா வெளியே நிற்குமா என்பது அதில்தான் இருக்கிறது. முன்பே முழுமையாக்குவது என்று முடிவானது.

அந்தச் செவ்வாயின் அபராதத்தை அவர்கள் கேட்கவில்லை. புதிய வாசகம் அடுத்த மாத முதல் தேதியிலிருந்து ஓடுகிறது. என் எக்செல் கோப்பின் முதல் ஷீட்டில் ஒன்று முதல் பன்னிரண்டு வரையும், பக்கத்துச் செல்லில் 10,9 என்ற விடையும் நிரந்தரமாக இருக்கின்றன. யாராவது ஃபார்முலாவை மாற்றினாலோ கணினியை மாற்றினாலோ அந்தச் செல்லைத்தான் முதலில் பார்ப்பேன்.